கட்டடக்கலை அனுமதி: உருவப்படம் கீறத் தெரிந்தால் போதுமா?

கேள்வி: சேர், நான் மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம். இந்த முறை கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதியிருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே படம் கீறுவேன். பென்சில் உருவப்படங்கள் மட்டும் நாற்பதுக்கு மேல் இருக்கு. கட்டடக்கலை படிக்க ஆசை. மொறட்டுவைதான் முதல் விருப்பம், இல்லாவிட்டால் தனியார் நிறுவனமோ இந்தியாவோ. உளச்சார்புப் பரீட்சையை நல்லாச் செய்தால் இசட் புள்ளி குறைந்தாலும் எடுப்பார்கள் என்று ரியூட்டரியில் சொல்கிறார்கள். கொழும்பில் ஒருவர் 60,000 ரூபாய்க்கு போர்ட்ஃபோலியோ செய்து தருவார் என்று சித்தப்பா விசாரித்து வைத்திருக்கிறார். அப்பா வாவியில் மீன் பிடிக்கிறவர், கடன் எடுத்துத்தான் கட்ட வேண்டும். ஸ்டூடியோச் சுற்று என்றால் என்னவென்று கேட்கவும் இங்கே ஆள் இல்லை. காசைக் கட்டட்டுமா?
— பெயர் வேண்டாம், மட்டக்களப்பு

பதில்: கட்ட வேண்டாம், மகள். சித்தப்பா நல்லதை நினைத்துத்தான் விசாரித்திருப்பார். ஆனால் உங்கள் முதல் விருப்பத்துக்கு போர்ட்ஃபோலியோ, அதாவது உங்கள் வேலைகளைத் தொகுத்த கோப்பு, தேவையே இல்லை. இரண்டாவது, மூன்றாவது விருப்பங்களுக்குத் தேவைப்படலாம். அங்கேயும் இன்னொருவர் செய்து தந்த கோப்பு உங்களுக்கு எதிராகத்தான் பேசும். அது ஏன் என்று கீழே சொல்கிறேன். முதலில் ரியூட்டரிக் கதையைச் சரி செய்துவிடுவோம்.

அரச பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுப்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. கட்டடக்கலைக்கு உளச்சார்புப் பரீட்சையில் சித்தியடைந்திருக்க வேண்டும். சித்தியடைந்தவர்களுக்குள் யார் முந்துவது என்பதை இசட் புள்ளிதான் தீர்மானிக்கும். பரீட்சையில் எவ்வளவு உயரப் புள்ளி எடுத்தாலும் அது இசட் புள்ளியோடு கூட்டப்படாது. ஆகவே "படத்தில் பிடித்துவிடலாம்" என்று பாடங்களைத் தளர விட்டவர்கள் ஏமாந்து போகிறார்கள். நீங்கள் ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டீர்கள், அதைப் பற்றி இனிக் கவலைப்பட்டுப் பயனில்லை.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. இங்கே இரண்டு விண்ணப்பங்கள் இருக்கின்றன. ஒன்று ஆணைக்குழுவுக்குப் போகிறது, அதில் கட்டடக்கலையின் யூனி கோட் என்ற பாடநெறிக் குறியீட்டை உங்கள் விருப்ப வரிசையில் எழுதியிருக்க வேண்டும். மற்றது உளச்சார்புப் பரீட்சைக்கு, பரீட்சையை நடத்தும் பல்கலைக்கழகத்துக்கே தனியாக அனுப்ப வேண்டியது. ஒன்றைப் போட்டு மற்றதை மறந்தவர்களை எனக்குத் தெரியும். பரீட்சையில் சித்தி, ஆனால் விருப்ப வரிசையில் அந்தக் கோட் இல்லை. அல்லது கோட் முதலாவதாக இருக்கு, பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் திகதி போய்விட்டது. ஆணைக்குழுவின் கையேடு தமிழிலும் வருகிறது. உங்கள் ஆண்டின் கையேட்டில் கட்டடக்கலைப் பகுதியை நீங்களே வாசியுங்கள், ரியூட்டரியில் கேட்டதை வைத்து விருப்ப வரிசையை நிரப்ப வேண்டாம்.

உளச்சார்புப் பரீட்சையில் என்ன பார்க்கிறார்கள்

உங்கள் நாற்பது உருவப்படங்களைப் பற்றிக் கொஞ்சம் கடினமாகக் கதைக்க வேண்டியிருக்கிறது. போட்டோவைப் பார்த்துக் கீறிய முகம் இரண்டு விடயங்களைத்தான் காட்டும்: பொறுமை, பென்சிலின் மீது கட்டுப்பாடு. எங்கே நின்று பார்ப்பது, எதை விடுவது, எது முன்னால் எது பின்னால் என்பதையெல்லாம் கமரா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. கட்டடக்கலைப் பரீட்சை கேட்பது அந்த முடிவுகளைத்தான். முன்னால் போட்டோ இருக்காது. இடம் ஒன்றைச் சொல்லுவார்கள், நேரம் ஒன்றைச் சொல்லுவார்கள், சில வேளை பார்க்கும் கோணத்தையும் சொல்லுவார்கள். அதை மனதுக்குள் கட்டி எழுப்பித் தாளில் இறக்க வேண்டும்.

நான் மாணவர்களுக்குப் பயிற்சிக்குக் கொடுக்கும் கேள்வி ஒன்றை எடுப்போம். "காலை நேர மீன் சந்தை. மழை தொடங்குகிறது. எதிர்க் கடையின் மேல்மாடி யன்னலில் நின்று பார்க்கிறீர்கள். 30 நிமிடம்." உங்களைப் போல உருவப்படம் கீறிப் பழகியவர்கள் இதில் என்ன செய்வார்கள் தெரியுமா? தாளின் நடுவில் மீன் விற்கும் அம்மா ஒருவரின் முகத்தை ஆரம்பிப்பார்கள். 20 நிமிடத்தில் முகம் முடிந்திருக்கும், சந்தை இருக்காது. முகமும் நேருக்கு நேர் பார்த்த முகமாக இருக்கும், மேலிருந்து பார்த்தது போல இருக்காது. திருத்துபவருக்கு அதைப் பார்க்கச் சில வினாடிகளே போதும்: கேள்வியை விட்டுவிட்டுத் தெரிந்ததைக் கீறியிருக்கிறார்.

இப்படிச் செய்து பாருங்கள். முதல் 4 நிமிடம் பெரிய தாளைத் தொட வேண்டாம். தீப்பெட்டி அளவில் மூன்று சிறு படங்கள் கீறுங்கள். ஒன்றில் குடைகள் தாளை நிறைக்கட்டும், இன்னொன்றில் பாதை கோணலாக ஓடட்டும், மற்றதில் யன்னல் சட்டம் ஒரு பக்கம் கறுப்பாக நிற்கட்டும். அதில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். பிறகு தாளின் மேற்பகுதியில் மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். அதுதான் உங்கள் கண்மட்டம்.

இனிக் கணக்கு வருகிறது, நீங்கள் கணிதப் பிள்ளை, சுகமாக விளங்கும். மேல்மாடித் தளம் நிலத்திலிருந்து 10 அடி, உங்கள் கண் அதற்கு மேல் 5 அடி. ஆக 15 அடி உயரத்திலிருந்து பார்க்கிறீர்கள். கீழே நிற்கும் ஆள் ஏறத்தாழ 5 அடி. எனவே படத்தில் அவர் எங்கே நின்றாலும், அவருடைய பாதத்திலிருந்து கண்மட்டக் கோடு வரை உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அவருடைய உயரம். கிட்ட நிற்பவரின் பாதம் கோட்டிலிருந்து 18 சென்ரிமீற்றர் கீழே என்றால் அவர் உயரம் 6. தூரத்தில் நிற்பவரின் பாதம் 6 சென்ரிமீற்றர் கீழே என்றால் அவர் உயரம் 2. ஏழரை அடிக் கம்பத்தில் நிற்கும் பெரிய குடையின் உச்சி சரியாகப் பாதியில் வரும். இரண்டரை அடி மீன் மேசைக்கு ஆறில் ஒரு பங்கு. நிலம் மட்டமாக இருக்கும் வரை இது பிழைக்காது.

இந்த ஒரு கணக்கு கைக்கு வந்துவிட்டால், ஐம்பது பேரைக் கீறினாலும் எல்லோரும் ஒரே நிலத்தில் நிற்பார்கள். இது வராத படத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவரை விட இராட்சதராக இருப்பார், அல்லது எல்லோரும் காற்றில் தொங்குவார்கள். உங்கள் தாளையே தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், பிழை உடனே கண்ணில் குத்தும்.

அப்புறம் மழை. மழைக் கோடுகளால் தாளை நிரப்ப வேண்டாம். மழை தொடங்கும் அந்த நிமிடத்தில் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று கீறுங்கள். மீன் பெட்டிக்கு மேல் சாக்கை இழுப்பவர், சைக்கிளைக் கடை வாசலுக்குள் தள்ளுபவர், ஷொப்பிங் பையைத் தலையில் கவிழ்ப்பவர். முகம் தேவையில்லை, முதுகும் கையும் வளையும் விதம் போதும். நீங்கள் மீன் சந்தையில் எத்தனை விடியற்காலை நின்றிருப்பீர்கள்! கொழும்புப் பிள்ளைக்கு இல்லாத சேமிப்பு அது. ஆனால் நினைவில் இருப்பதை நம்பி இருக்க வேண்டாம், கொப்பியோடு போய் நின்று பாருங்கள். தராசு எந்த உயரத்தில் தொங்குகிறது, கழுவிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தவர் கீறிய படத்துக்கும் பார்க்காதவர் கீறிய படத்துக்கும் உள்ள வித்தியாசம் திருத்துபவருக்குத் தெரியும்.

படத்தோடு சேர்ந்து, வடிவத்தைத் திருப்பிப் பார்ப்பது, விரித்த பெட்டியை மடித்தால் எப்படி வரும் என்பது மாதிரியான கேள்விகளும் உளச்சார்புப் பரீட்சைகளில் வருவது வழக்கம். இதற்குப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. பால்மாப் பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு முகத்திலும் ஒரு அடையாளம் போட்டு, மடிக்கும் முன் எது எதற்கு எதிரே வரும் என்று சொல்லிப் பழகுங்கள்.

கோப்பைத் திறந்ததும் என்ன நடக்கும்

போர்ட்ஃபோலியோ கேட்பவை பெரும்பாலும் தனியார் வடிவமைப்பு நிறுவனங்களும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும். எத்தனை பக்கம், தாளா பி.டி.எஃப்.ஆ என்பதை அந்தந்த இடமே சொல்லும், அதை மீறக் கூடாது. நான் ஒரு நிறுவனத்தின் நேர்முகக் குழுவில் சில காலம் இருந்தேன். எப்படிப் பார்ப்போம் என்று சொன்னால் உங்களுக்கு உதவும். முதலில் யாரும் வாசிப்பதில்லை, விறுவிறென்று புரட்டுவோம். ஏதாவது ஒரு பக்கத்தில் கை நிற்கும். "இதைச் சொல்லுங்கோ" என்போம். உண்மையான நேர்முகம் அங்கேதான் தொடங்கும்.

ஒரு தம்பி வந்தார். பளபளப்பாக அச்சடித்த கோப்பு, கணினியில் செய்த மாடி வீடு, உள்ளே நீச்சல் தடாகம். "படிக்கட்டு ஏன் இந்தப் பக்கம்?" என்று கேட்டோம். பதில் இல்லை. வெறுந்தாள் ஒன்றைக் கொடுத்து, "சரி, அந்தப் படிக்கட்டை மட்டும் கீறிக் காட்டுங்கோ" என்றோம். அவரால் முடியவில்லை. அவரை யாரும் திட்டவில்லை, ஆனால் கோப்பை மூடிவிட்டோம். உங்கள் 60,000 ரூபாய் வாங்கித் தரப்போவது இந்தக் காட்சியைத்தான். இதற்கு மேல், கோப்பிலுள்ளது சொந்த வேலை என்று கையொப்பம் கேட்கும் இடங்கள் உண்டு. பொய் என்று பின்னால் தெரிந்தால் கிடைத்த இடமும் போகலாம்.

அதே வாரம் இன்னொருவர் சாதாரண கோடு போட்ட கொப்பி ஒன்றோடு வந்தார். அப்பா சைக்கிளில் தயிர் விற்பவர். கரியரில் தயிர்ச் சட்டி அடுக்கும் சட்டம் ஒன்றை இவர் மாற்றிச் செய்திருக்கிறார். கொப்பியில் ஆறேழு பக்கம் அந்தச் சட்டம்தான். முதல் பக்கத்தில் பழைய சட்டம், எந்தச் சட்டி எப்போதும் உடைகிறது என்று அம்புக்குறி. அடுத்து மூன்று யோசனைகள், அதில் இரண்டு வெட்டப்பட்டு, "பாரம் பின்னுக்கு, முன்சில் தூக்குது" என்று பக்கத்தில் எழுதியிருந்தது. அளவெல்லாம் சாண் கணக்கில். கோடு நேராகக்கூட இல்லை. அந்தக் கொப்பியோடு கால் மணி நேரம் கதைத்தோம். எடுத்தோம்.

ஒரு சிக்கலைக் கண்டு, யோசித்து, பிழைவிட்டு, திருத்தி வந்த பாதையைக் குழு தேடும். ஆகவே உங்கள் கோப்பில் உருவப்படம் இரண்டு போதும், அதுவும் போட்டோ பார்த்துக் கீறாதது. அப்பாவை உட்கார வைத்து நேரே பார்த்துக் கீறுங்கள், வலை பொத்தும்போது கீறினால் இன்னும் நல்லது. மிச்சத்துக்கு ஒரே ஒரு பொருளை ஆழமாக எடுங்கள். உங்கள் வீட்டுக்குத் தோணி இருக்கும். அதைப் பக்கவாட்டில், மேலிருந்து, குறுக்கே வெட்டினாற்போல மூன்று விதமாக அளந்து கீறுங்கள். அப்பா எங்கே இருப்பார், வலை எங்கே, மீன் எங்கே, தண்ணீர் எங்கே தேங்கும்? எது அவருக்கு இடைஞ்சல்? அதை மாற்ற மூன்று வழி யோசித்து, ஈர்க்கிலும் மட்டையிலும் சின்ன மாதிரி செய்து, அப்பாவிடம் காட்டுங்கள். அவர் "இது சரிவராது பிள்ளை" என்று சொன்னால் அதையும் ஏன் என்பதோடு எழுதி வையுங்கள். அந்தப் பக்கத்தைத்தான் குழு கேட்கும்.

போட்டோ எடுக்கும்போது பிளாஷ் வேண்டாம். காலையில் வாசல் நிழலில் தாளை நிலத்தில் வைத்து, நேர் மேலிருந்து எடுத்தால் போதும்.

ஸ்டூடியோச் சுற்றில்

ஸ்டூடியோச் சுற்று என்றால் அங்கேயே, அவர்கள் தரும் பொருளை வைத்து, குறித்த நேரத்துக்குள் ஏதாவது செய்து காட்டுவது. இந்தியாவில் கட்டடக்கலைக்கான நாட்டா பரீட்சையின் அண்மைய அமைப்பில் 200 புள்ளிகளில் 80 கீறலுக்கும் ஆக்கத்துக்கும். அதற்குள் 30 புள்ளி, தரப்படும் துண்டுகளை வைத்து முப்பரிமாணமாக ஒன்றை அமைப்பதற்கு. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் இளநிலைக்கு இரண்டாம் கட்டமே ஸ்டூடியோப் பரீட்சைதான். ஆனால் அது வடிவமைப்புப் படிப்பு, கட்டடக்கலை அல்ல. இரண்டையும் ஒன்றென்று நினைத்து விண்ணப்பித்துவிடாதீர்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். இரண்டு ஏ4 தாள், ஒரு முழம் நூல், கொஞ்சம் பசை. இரண்டு புத்தக அடுக்கை 20 சென்ரிமீற்றர் இடைவெளியில் வைத்து, அதற்கு மேல் ஒரு மாங்காயைத் தாங்கும் பாலம் கட்ட வேண்டும். 30 நிமிடம்.

வெறும் தாளை வைத்தால் தொய்ந்து விழும். தாளை விசிறி மாதிரி மடித்தால் பலம் வரும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் எந்தப் பக்கமாக மடிப்பது என்பதில் பாதிப் பேர் பிழை விடுவார்கள். மடிப்பு வரிகள் ஒரு புத்தகத்திலிருந்து மற்றப் புத்தகத்துக்கு ஓட வேண்டும், அதாவது தாளின் நீளப் பக்கமாக. குறுக்கே மடித்தால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி விரிந்து விழும். ஏ4இன் அகலம் 21 சென்ரிமீற்றர். ஒன்றரை சென்ரிமீற்றருக்கு ஒரு மடிப்பு வைத்தால் 14 பட்டி வரும். நீளம் 29.7, ஆகவே இரண்டு பக்கமும் புத்தகத்தில் ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் இருக்கும்.

மாங்காயை வையுங்கள். மடிப்பு உடையாது, ஆனால் மெல்ல மெல்லப் பக்கவாட்டில் விரிந்து தட்டையாகும். தட்டையானதும் விழும். இங்கேதான் குழுவின் கண் உங்கள் மேல் இருக்கும். விழுந்ததும் தலையில் கைவைப்பவர் உண்டு, அதையே திரும்ப வைத்துப் பார்ப்பவர் உண்டு, குனிந்து எந்த இடம் முதலில் விட்டுக்கொடுத்தது என்று பார்ப்பவரும் உண்டு. குனிந்து பார்த்தால் விடை தெரியும்: விரிவதைத் தடுக்க வேண்டும். இரண்டாவது தாளை மடிப்பு முனைகளில் தட்டையாக ஒட்டலாம், அல்லது இரு நுனியையும் நூலால் கட்டலாம். முதல் தாளோடு நேரம் முழுவதையும் செலவழித்தவருக்கு இதற்கு நேரமிருக்காது. அதனால்தான் பத்தாவது நிமிடத்திலேயே ஒரு தரம் விழ விட வேண்டும் என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். என்ன நடந்தது என்று பக்கத்தில் சின்னதாகக் கீறி வைத்தால், பாலம் கடைசியில் விழுந்தாலும் நீங்கள் யோசித்தது தாளில் நிற்கும்.

மொறட்டுவை கிடைக்காவிட்டால்

இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகத்தோடு இணைந்த சிற்றி ஸ்கூல் ஒஃப் ஆர்க்கிடெக்சர் கொழும்பில் இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே படிக்கும் முறை அது. சம்பளம் பெரிதாக இராது, கட்டணமும் உண்டு, களைப்பும் உண்டு. ஆனாலும் கடன் எடுக்க வேண்டிய குடும்பத்துக்கு அதை முதலில் விசாரிக்கச் சொல்வேன். இந்தியாவோ வேறு நாடோ என்றால், அந்தக் கல்லூரியின் பட்டத்தை நிறுவகம் இங்கே ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு காசு கட்டுங்கள். முகவர் சொல்வது எழுத்து அல்ல.

சித்தப்பாவிடம் அந்த 60,000 ரூபாயிலிருந்து கொஞ்சம் மட்டும் கேளுங்கள். ஒரு கட்டு ஏ3 தாள், 2பி, 4பி பென்சில், ஒரு அழிறப்பர், பிறகு ரயில் காசு. பரீட்சை கொழும்புப் பக்கம் என்றால் முந்தின இரவு ரயிலில் ஏறி, நித்திரை இல்லாமல் நேரே மண்டபத்துக்குப் போகாதீர்கள். ஒரு நாள் முந்தியே போய், யாராவது சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள்.